லண்டன் பூட்டு, மட்டக்களப்புச் சிம்

அந்தப் போன் ஒரு சாம்சங் கலக்ஸி எஸ் 10. மாடல் இலக்கம் SM-G973F. 2019 மார்ச் 8ஆம் திகதி பிரித்தானியக் கடைகளுக்கு வந்த வரிசை அது. அதே வருடம் லண்டனில் இருக்கும் என் மச்சான் ஒருவர், மாதாமாதம் காசு கட்டும் 24 மாத ஒப்பந்தத்தில் ஒரு தொலைபேசிக் கம்பனியின் கடையில் அதை வாங்கினார். கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் காலத்தில் அங்கே இரண்டு வகையான கம்பனிகள் இருந்தன என்பதுதான் தேவை. ஓ2, திரீ, ஸ்கை, வேர்ஜின் ஆகியவை எந்தச் சிம்மையும் ஏற்கும் போன்களை விற்றன. பிடி-ஈஈ, டெஸ்கோ மொபைல், வோடபோன் ஆகியவை தம் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டிய போன்களை விற்கலாம் என்றிருந்தது. பிரித்தானியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை நிறுவனமான ஒஃப்கொம் 2020இல் தன் அறிவிப்பிலேயே இந்தப் பெயர்களைப் பிரித்துச் சொன்னது.

லண்டனில் இருக்கும்வரை பூட்டு மச்சானுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. கம்பனியின் போனுக்குள் கம்பனியின் சிம், ஒவ்வொரு மாதமும் கம்பனிக்குக் காசு. பூட்டு இருப்பது வேறு சிம் போடும் நாளில்தான் தெரியவரும். இந்தப் போனுக்கு அந்த நாள் நாலு வருடம் கழித்து, 2023இல், மாமாங்கத் திருவிழாவுக்கு ஊர் வந்த மாமியின் கைப்பைக்குள் பயணம் செய்து மட்டக்களப்பில் இறங்கிய பிறகு வந்தது.

அந்த நேரம் இப்படிப் பல போன்கள் இங்கே இறங்கின. 2022இல் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த பெறுமதி இரண்டொரு மாதங்களில் 360ஐத் தொட்டது. கடைக் கண்ணாடிக்குள் இருந்த புதுப் போன்களின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கும் மீனவன் வருமானத்துக்கும் எட்டாத இடத்துக்குப் போனது. லண்டன், கனடா, சுவிஸ், கட்டார் என்று ஆள் இருக்கிற வீடுகளுக்கு லாச்சிக்குள் கிடந்த பழைய போன்கள் வரத் தொடங்கின. நல்ல மனதோடு அனுப்பியவைதான். ஆனால் அனுப்பியவர்களில் பலர் அதில் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து அனுப்பவில்லை. ஊருக்கு வந்த பிறகு அந்தப் பூட்டைத் திறப்பதற்கும் லண்டனில் இருக்கும்போது திறப்பதற்கும் உள்ள தூரம் பெரியது.

என் மருமகன் உயர்தரம் படிக்கிற பொடியன். போன் அவனுக்கு. டயலொக் சிம்மைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினான். திரையில் இது வந்தது:

```
SIM network unlock PIN
```

கீழே இலக்கம் போடும் இடம். அதற்குக் கீழே `Unlock` என்ற பொத்தான். மேலே சிக்னல் கோடுகள் இரண்டோ மூன்றோ தெரிந்தன. ஆனால் வலையமைப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் `Emergency calls only` என்றிருந்தது. பூட்டிய போனின் முதல் அடையாளம் இதுதான். கோபுரம் போனுக்குத் தெரிகிறது. அவசர அழைப்பு மட்டும் போகும். போனே சிம்மை ஏற்க மறுக்கிறது. சிம் பழுதென்றோ கல்லடிப் பக்கம் கவரேஜ் இல்லையென்றோ நினைத்து அலைபவர்கள் இந்த இரண்டையும் ஒருமிக்கப் பார்த்தால் அலைச்சல் மிஞ்சும்.

மறுப்பது எப்படி என்பது அவ்வளவு சிக்கலான விஷயமில்லை. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் அதன் சந்தாதாரரைக் குறிக்கும் ஒரு நீண்ட இலக்கம் இருக்கிறது. அது நாம் கூப்பிடும் போன் இலக்கம் அல்ல. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாடு, அடுத்த இரண்டு அல்லது மூன்று வலையமைப்பு. இலங்கைக்கு 413. மொபிட்டல் 41301, டயலொக் 41302, ஹட்ச் 41308. பிரித்தானிய சிம்கள் பெரும்பாலும் 234இல் தொடங்கும். போனின் மோடம் பகுதியில், சாதாரணமாக யாரும் கைவைக்க முடியாதபடி பாதுகாத்த ஓரிடத்தில், எந்தத் தொடக்க இலக்கங்களை ஏற்கலாம் என்ற ஒரு சிறு பட்டியல் இருக்கும். போன் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் சிம்மின் தொடக்கத்தை அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். 234இல் தொடங்கும் தன் கம்பனியின் இலக்கம் என்றால் திறக்கும். 41302 என்றால் கோட் கேட்கும்.

இந்தப் பூட்டு அன்ட்ரோயிட்டிலோ மெமரியிலோ இல்லை. போனை ரீசெட் அடித்தால் போகாது. சொப்ட்வெயார் மாற்றிப் போட்டாலும் போகாது. மருமகன் முதலில் செய்தது ரீசெட்தான். அதனால் ஒரு நட்டமும் வரவில்லை, பிரயோசனமும் வரவில்லை. வேறு சில வீடுகளில் அதுவே கூடுதல் தொல்லையாகும். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கை எடுக்காமல் ரீசெட் அடித்தால் அது தனியாக இன்னொரு பூட்டைப் போட்டுவிடும். அதற்குப் பழைய உரிமையாளரின் கடவுச்சொல் வேண்டும். ஐபோனில் ஐகிளவுட் பூட்டும் அப்படித்தான். சிம் பூட்டு கம்பனியின் பூட்டு. கணக்குப் பூட்டு ஆளின் பூட்டு. இவை இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் எங்கள் பக்கத்தில் நிறையக் காசு வீணாகிறது. ‘அன்லொக் பண்ணித் தாறன்’ என்று சொல்பவர் எதைத் திறக்கப்போகிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

போனை எடுத்துக்கொண்டு நகரத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு திருத்தும் கடைக்குப் போனோம். கடை நடத்துபவர் காத்தான்குடித் தம்பி. இந்த ஊர்ப் போன்களின் உள்ளுறுப்புகளை அவரைப் போல அறிந்தவர்கள் குறைவு. வாவிக்குள் விழுந்த போனைத் திறந்து உப்புத் துருவைத் தூரிகையால் துடைத்தெடுத்து மறுபடி பேசவைப்பவர். அவர் கோட் எதையும் போட்டுப் பார்க்கவில்லை. முதலில் மருமகனைத்தான் கேட்டார்.

“தம்பி, இதில ஏதும் நம்பர் அடிச்சுப் பாத்தீங்களா?”

“ஓம் காக்கா, எட்டு சைபர் போட்டுப் பாத்தன். வேறயும் ஒண்டு.”

“இனிப் போடாதீங்க. இது எண்ணிக்கொண்டு இரிக்கும்.”

அவர் சொன்னது சரி. தப்பான கோட் எத்தனை தடவை விழுந்தது என்பதைப் போன் கணக்கில் வைத்திருக்கிறது. பழைய நோக்கியாக்களில் ஐந்து. சாம்சங்கில் மாடலுக்கும் கம்பனிக்கும் ஏற்ப வேறுபடும். எல்லை தாண்டினால் போன் உறைந்துவிடும். பிறகு சரியான கோட்டைப் போட்டாலும் ஏற்காது. உறைவை நீக்க வேறொரு கோட் முதலில் வேண்டும், அதன் பிறகுதான் திறக்கும் கோட். அதற்கும் அதே கம்பனியிடம் போக வேண்டும். அந்த எண்ணிக்கை ரீசெட்டில் அழியாது.

கோட் எங்கே இருக்கிறது? நோக்கியா 3310 காலத்தில் இதற்குப் பதில் சுலபம். அந்தப் போன்களின் திறக்கும் கோட்டை ஐஎம்இஐ இலக்கத்திலிருந்தும் கம்பனியின் குறியீட்டிலிருந்தும் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். சூத்திரம் வெளியே வந்துவிட்டது. கணினியில் ஒரு சின்னச் செயலி இருந்தால் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் கோட்டை எழுதிக் கொடுப்பார். அந்த நினைவு இன்னும் போகவில்லை. அதனால்தான் இன்றும் ஐஎம்இஐயைச் சொன்னால் கோட் ‘கணக்கில் வரும்’ என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். எஸ் 10 போன்ற போனுக்கு அப்படி ஒரு சூத்திரம் இல்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு போனுக்கும் தொடர்பில்லாத ஓர் எண் கொடுக்கப்படுகிறது. தொழில்துறையின் தரநிலை அது குறைந்தது எட்டு இலக்கம், கூடினால் பதினாறு என்று வைக்கிறது. அந்த எண்ணும் ஐஎம்இஐயும் சோடியாக ஒரு பட்டியலில் ஏறிக் கம்பனிக்குப் போகின்றன. ஆக, ஐஎம்இஐ திறப்பு அல்ல. எந்தப் பெட்டிக்குள் திறப்பு இருக்கிறது என்று சொல்லும் விலாசம் மட்டுமே.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒன்லைனில் கோட் விற்பவர்களிடம் வாங்குவது. மற்றது, லண்டனில் மச்சான் தன் கம்பனியிடம் கேட்பது. காத்தான்குடித் தம்பி முதல் வழியைத் தொட விரும்பவில்லை. காசு போன அனுபவம் அவருக்கு உண்டு. காசு போவது மட்டும் பிரச்சினை இல்லை. அந்தக் கோட்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கே சாட்சி. பாகிஸ்தானைச் சேர்ந்த முஹம்மத் ஃபஹத் என்பவர் 2012இலிருந்து வாஷிங்டன் மாநிலத்தின் பொதெல் நகரிலுள்ள ஏடி அண்ட் டி கம்பனியின் வாடிக்கையாளர் நிலையத்தில் வேலை செய்தவர்களுக்கு லஞ்சம் கொடுத்துப் போன்களைத் திறப்பித்தார். ஐஎம்இஐ இலக்கங்களை இவர் அனுப்புவார், அவர்கள் தங்கள் கணினியிலிருந்து திறந்துவிடுவார்கள். கம்பனி தன் முறையை மாற்றியபோது, உள்ளிருந்தவர்கள் மூலமே கம்பனியின் கணினிகளில் உளவுச் செயலியைப் போடவைத்தார். 2017வரை இது நடந்தது. திறக்கப்பட்ட போன்கள் 19 இலட்சத்துக்கு மேல், கம்பனிக்கு வந்த நட்டம் 20 கோடி டொலருக்கு மேல் என்பது வழக்கின் கணக்கு. 2021 செப்டெம்பரில் அவருக்கு 12 வருடச் சிறை கிடைத்தது.

எல்லா விற்பனையாளரும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் கோட் ஒரு கம்பனியின் பட்டியலில்தான் இருக்கிறது. வெளியே விற்கிறவர் அதை அந்தப் பட்டியலை நெருங்கக்கூடிய யாரோ ஒருவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த வழி எப்போதும் அடைபடலாம். அடைபட்டால் வாங்கியவரின் காசு திரும்பி வராது. எனவே லண்டனுக்கே போன் எடுத்தோம்.

“மச்சான், ஒப்பந்தம் முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. இன்னும் ஏன் லொக்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒப்பந்தம் முடிந்ததும் பூட்டு தானாகக் கழன்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கடன் தீர்ந்தது கம்பனியின் கணக்குப் புத்தகத்தில்தான். போனுக்குள் இருக்கும் பட்டியலுக்கு அது தெரியாது. யாராவது கேட்டுக் கோட்டை வாங்கிப் போடும்வரை அது அப்படியே கிடக்கும். 2021 டிசம்பர் 17முதல் பூட்டிய போன்களை விற்கக் கூடாதென்று ஒஃப்கொம் தடை போட்டது. ஆனால் அது அன்றைக்குப் பிறகு விற்பவைக்கு. 2019இல் விற்றவை பூட்டோடே இருந்தன. இந்தத் தடைக்கு முன் ஒஃப்கொம் சொன்ன காரணங்களில் ஒன்று, பூட்டைத் திறக்கப் பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஏதோவொரு சிக்கலில் மாட்டினார்கள் என்பது. கோட் வரத் தாமதம், வந்த கோட் வேலை செய்யாமை இரண்டும் அதில் அடங்கும். எங்களுக்கு நடந்தது இரண்டாவது.

மச்சான் விண்ணப்பம் போட்டார். பழைய கணக்கு இலக்கம், பெயர், போனின் ஐஎம்இஐ. மூன்றையும் கொடுத்தார். பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தபடியால் ஐஎம்இஐயைப் பெட்டியின் ஸ்டிக்கரிலிருந்தே எடுத்தார். சில நாட்களில் மின்னஞ்சலில் எட்டு இலக்கக் கோட் வந்தது. மருமகன் போட்டான். `SIM network unlock request unsuccessful` என்று வந்தது. திரும்பப் போடப்போன கையைத் தம்பி பிடித்துவிட்டார்.

“நில்லுங்க. முதல்ல நம்பரைப் பாப்பம்.”

அழைப்புத் திரையைத் திறந்து அவர் அடித்தது இது:

```
*#06#
```

இதை அடித்தால் பச்சைப் பொத்தானை அழுத்தத் தேவையில்லை. கடைசி `#` விழுந்ததும் போன் தன் ஐஎம்இஐயைக் காட்டும். சிம் இல்லாவிட்டாலும் காட்டும். அதை அவர் ஒரு தாளில் எழுதினார். மச்சானிடம் பெட்டி ஸ்டிக்கரின் படத்தை அனுப்பச் சொல்லி, அந்த இலக்கத்தை அதற்கு நேர் கீழே எழுதினார். முதல் எட்டு இலக்கம் ஒன்று. ஒன்பதாவதிலிருந்து வேறு.

ஐஎம்இஐயின் பதினைந்து இலக்கங்களும் ஒரு வேலையைச் செய்வதில்லை. முதல் எட்டும் போனின் வகையைச் சொல்கின்றன. அடுத்த ஆறு அந்த வகையில் இந்த ஒரு போனின் தொடர் இலக்கம். கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். உண்மையான ஒருவரின் போனை இங்கே எழுத விரும்பாததால், ஐஎம்இஐயை விளக்க வழக்கமாக எடுத்துக்காட்டும் இலக்கம் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன்:

```
49015420 323751 8
```

இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று பதினான்காவது வரை ஒன்றுவிட்ட இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். இரட்டித்து வருவது இரு இலக்கமானால் அவற்றைக் கூட்ட வேண்டும். 9 இரட்டித்தால் 18, அது 9. 7 இரட்டித்தால் 14, அது 5. இப்படிச் செய்து பதினான்கையும் கூட்டினால் 52. அடுத்த பத்தின் மடங்கு 60. வித்தியாசம் 8. அதுதான் கடைசி இலக்கம். விற்பவர் எழுதித்தந்த ஐஎம்இஐயில் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். ஆனால் சரியாக வந்துவிட்டதால் போன் நேர்மையான போன் என்று ஆகாது. கணக்குத் தெரிந்த எவரும் கணக்குக்குச் சரியான பொய் இலக்கம் எழுதலாம். நாடும் கம்பனியும் பூட்டும் இந்தப் பதினைந்துக்குள் எங்குமே இல்லை. 35 என்று தொடங்கினால் லண்டன் போன் என்று கடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 35 என்பது அந்த வகை இலக்கத்தை ஒதுக்கிய பிரித்தானிய அமைப்பின் குறி. கொழும்பில் விற்கும் சாம்சங்கும் ஐபோனும் பெரும்பாலும் 35இல்தான் தொடங்குகின்றன.

எங்கள் இரண்டு இலக்கங்களிலும் வகை ஒன்று, தொடர் இலக்கம் வேறு. அதாவது பெட்டியும் போனும் எஸ் 10தான், ஆனால் வேறு வேறு எஸ் 10. மச்சானுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. 2020இல் கண்ணாடி நொறுங்கி, காப்புறுதியில் கொடுத்தபோது திருத்தாமல் அதே மாடலில் மாற்றுப் போன் தந்திருக்கிறார்கள். பெட்டியில்லாமல் வந்தது. பழைய பெட்டி வீட்டில் நின்றது. கம்பனி அனுப்பிய கோட் சரியான கோட்தான். என்றைக்கோ கைமாறிப் போய்விட்ட முதல் போனுக்கு.

தாய்ப்பலகை மாற்றிய போனிலும் இதுவே நடக்கும். ஐஎம்இஐ பலகையோடு வருவது. பின்மூடியில் அச்சிட்டிருப்பது பின்மூடியோடு வருவது. பெட்டி, பின்மூடி, `*#06#` மூன்றும் ஒத்துவராவிட்டால் கோட்டைக் கேட்க வேண்டியது திரையில் வந்த இலக்கத்துக்கு. ஒத்துவராமைக்கு மாற்றுப் போன், மாற்றிய பாகம் என்று நல்ல காரணங்கள் இருக்கலாம். இலக்கத்தையே அழித்து எழுதியதும் காரணமாக இருக்கலாம். அப்படி எழுதுவது பிரித்தானியாவில் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஐந்து வருடம்வரை சிறை உண்டு. கடைக்காரத் தம்பியிடம் இதைச் செய்யச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. அவர் செய்வதில்லை. நல்ல போனொன்றின் இலக்கத்தை இன்னொரு போனில் எழுதினால் ஒரே இலக்கத்தில் இரண்டு போன்கள் நடமாடும். ஒன்றை முடக்கினால் மற்றதும் முடங்கும்.

மச்சான் இரண்டாவது விண்ணப்பத்தைத் திரையில் வந்த இலக்கத்தோடு போட்டார். இம்முறை கம்பனி கேள்வி கேட்டது. அந்த இலக்கம் அவர் கணக்கில் முதலில் ஏறிய போன் இல்லை அல்லவா. காப்புறுதிக் கடிதத்தைத் தேடி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அவர் அந்தக் கம்பனியின் வாடிக்கையாளராக இருந்திராவிட்டால், அல்லது போன் நாலு கை மாறி யார் வாங்கியதென்றே தெரியாமல் வந்திருந்தால், கதை இங்கேயே நின்றிருக்கும். முதல் கணக்காளரைத் தொடர்புகொள்ள முடியாத பூட்டிய போனைக் கடையில் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

வந்த கோட்டைத் தம்பியே போட்டார். டயலொக் சிம் உள்ளே இருக்க வேண்டும். கம்பனியின் பழைய சிம் இருந்தால் போன் கோட்டே கேட்காது. இடைவெளி இல்லாமல் எட்டு இலக்கம், பிறகு `Unlock`. ஒரு சின்னச் செய்தி தோன்றி மறைந்தது. மேலே டயலொக்கின் பெயர் வந்தது. அதோடு அவர் விடவில்லை. மொபிட்டல், ஹட்ச் சிம்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். வெளிநாட்டுக் கம்பனியின் பூட்டு மூன்றையும் ஒரே மாதிரி மறுக்கும் என்பதால் ஒன்று ஏற்றாலே போதும். ஆனால் உள்ளூரில் ஒரு கம்பனி தன் பெயரில் தரும் ரௌட்டர், டொங்கிள் வாங்குபவர்கள் குறைந்தது இரண்டு வேறு சிம்மாவது போட்டுப் பார்க்க வேண்டும். தன் சிம்மோடு அது நன்றாகவே வேலை செய்யும்.

ஐபோனாக இருந்திருந்தால் இந்த இலக்கம் போடும் காட்சியே இருந்திராது. ஐபோனுக்குத் திறக்கும் கோட் கிடையாது. எந்தச் சிம்மை ஏற்கலாம் என்ற பதிவு ஆப்பிளின் சேர்வரில் இருக்கிறது. போன் உயிர்பெறும்போது அங்கே கேட்டு வாங்குகிறது. கம்பனி சொன்னால் ஆப்பிள் பதிவை மாற்றும். அதன் பிறகு வைஃபையில் இணைத்தாலோ ரீசெட் செய்தாலோ திறந்துவிடும். இப்போதைய ஐபோன்களில் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் எபவுட் போனால் `Carrier Lock` என்ற வரியில் `No SIM restrictions` என்று இருக்க வேண்டும். இதைக் கையால் பார்த்தே வாங்க வேண்டும். ஏனென்றால் எங்கள் சந்தையில் சிப் போட்ட ஐபோன்களும் சுற்றுகின்றன. சிம்மோடு ஒட்டி வைக்கும் மெல்லிய தகடு அது. சிம்மின் இலக்கத்தை மறைத்துக் கம்பனியின் சிம் போலப் போனுக்குக் காட்டும். கடையில் நன்றாகவே வேலை செய்யும். சொப்ட்வெயார் புதுப்பித்த மறுநாள் ‘சிம் செல்லாது’ என்று நிற்கும். சிம் தட்டை ஊசியால் இழுத்துச் சிம்மின் செப்புப் பக்கத்தைப் பார்த்தால், அதன்மேல் இன்னொரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறதா என்று தெரியும்.

எங்கள் எஸ் 10க்குத் திரும்புவோம். மருமகன் அதை 2025வரை பாவித்தான். சாம்சங் அந்த மாடலுக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2023இலேயே நிறுத்திவிட்டது. பல்கலைக்கழகம் கிடைத்து வேறு போன் வந்ததும் இதை விற்க நினைத்தான். வாங்க வந்தவர் வாவிக்கு மறுகரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் விவசாயம் செய்பவர். மண்முனைப் பாலத்தால் வந்தார். அவர் கேட்ட கேள்வி லொக் பற்றியது இல்லை. “இது ரீஆர்சியில இரிக்கா?” என்றுதான் கேட்டார்.

அப்போது எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, தன் பதிவில் இல்லாத கருவிகளுக்கு 2025 ஜனவரி 28க்குப் பிறகு வலையமைப்பு இணைப்புக் கிடையாது என்று அறிவித்திருந்தது. அதற்கு முன் நாட்டில் பாவனையில் இருந்த போன்கள் பாதிக்கப்படா என்றும் சொன்னது. பதிவைப் பார்க்கும் வழி எளிது. இப்படி எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்:

```
IMEI 490154203237518
```

நடுவில் ஓர் இடைவெளி, பிறகு `*#06#` காட்டும் பதினைந்து இலக்கம். பதில் குறுஞ்செய்தியில் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு ஐஎம்இஐ இருக்கும், இரண்டையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

இந்தப் பதில் சொல்வது என்ன, சொல்லாதது என்ன என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அந்த இலக்கம் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்று அது சொல்லும். சிம் பூட்டைப் பற்றி அதற்குத் தெரியாது. பதிவில் உள்ள போன் பூட்டியதாக இருக்கலாம். எங்கள் எஸ் 10 போல, எந்தச் சிம்மையும் ஏற்கும் போன் தனிப்பட்ட பயணப் பொதியில் வந்ததால் பதிவில் இல்லாதிருக்கலாம். லண்டனில் களவு போன போனா என்பதும் வேறு கேள்வி. பிரித்தானியக் கம்பனிகள் களவுபோன ஐஎம்இஐகளைப் பொதுப் பட்டியலில் ஏற்றி ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பட்டியலை எடுத்துத் தன் வலையமைப்பில் தடுப்பதா என்பதை ஒவ்வொரு நாட்டுக் கம்பனியும் தானே முடிவு செய்கிறது. அங்கே முடங்கிய போன் இங்கே பேசுவது அதனால்தான். பேசுகிறது என்பதற்காக அது நல்ல போன் ஆகிவிடாது. கட்டணம் வாங்கும் ஐஎம்இஐ பார்க்கும் தளங்கள் இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் தருவதாகச் சொல்லும். அவை தயாரிப்பாளரின் பதிவிலிருந்து எடுத்த ஒரு பழைய பிரதியையே காட்டக்கூடும். போன கிழமை திறந்த போனை இன்னும் பூட்டு என்று காட்டலாம். சிம் பூட்டைப் பொறுத்தவரை, கையிலுள்ள போனில் வேறு சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பார்ப்பதற்கு மேலான சாட்சி எதுவும் இல்லை. வைஃபையில் வாட்ஸ்அப் கோல் எடுத்துக் காட்டுவது சாட்சியே அல்ல. அதற்குச் சிம் தேவையில்லை.

கொக்கட்டிச்சோலைக்காரர் பொறுமையாகவே பார்த்தார். 1909இலிருந்து வந்த பதிலில் போன் பதிவில் இல்லை என்றிருந்தது. மருமகன் 2023இலிருந்து அதில் டயலொக் சிம் பாவித்து வந்ததைக் காட்டினான். தன் மொபிட்டல் சிம்மைப் போட்டு வீட்டுக்கு அழைப்பு எடுத்தார். செட்டிங்ஸில் போன் விபரத்துக்குள் சொப்ட்வெயார் பக்கத்தில், மூன்று மூன்று எழுத்தாகக் குறியீடுகள் இருக்கும் ஒரு நீண்ட வரியைத் தம்பி அவருக்குக் காட்டினார். `BTU` என்றால் கம்பனி முத்திரையில்லாத பிரித்தானியப் போன், `EVR` என்றால் ஈஈ, `VOD` என்றால் வோடபோன். இந்தப் போனில் லண்டன் கம்பனியின் குறியீடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர், “அப்ப இன்னும் லொக்கா?” என்றார். இல்லை. அந்தக் குறியீடு எந்தக் கம்பனியின் சொப்ட்வெயாரோடு பிறந்தது என்பதை மட்டும் சொல்கிறது. பூட்டு இருக்கலாம் என்று சந்தேகிக்க உதவும், இருக்கிறது என்று நிரூபிக்காது. திறந்த பிறகும் அது மாறாது. அதன் ஒரு பக்கவிளைவை அவர் தெரிந்து வாங்குவது நல்லது என்று தம்பி சொன்னார். 4ஜி வழியாகக் குரல் அழைப்பு எடுக்கும் வசதி அந்தச் சொப்ட்வெயாரில் எங்கள் கம்பனிகளுக்கென்று திறக்கப்படாமல் இருக்கலாம். அழைப்பு எடுக்கும்போது போன் 4ஜியிலிருந்து இறங்கிவிடும். மற்றபடி கோட் ஒரு தடவை ஏற்கப்பட்டால் நிரந்தரம். ரீசெட் அடித்தாலும் பூட்டுத் திரும்பாது.

விலை பேசி முடிந்தது. பற்றுச்சீட்டில் ‘சாம்சங் எஸ் 10’ என்று மட்டும் எழுதப்போன மருமகனை அவர் விடவில்லை. `*#06#` அடிக்கச் சொல்லி, திரையைப் பார்த்துப் பதினைந்து இலக்கத்தையும் அவன் கையாலேயே எழுதச் செய்தார். கீழே திகதி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். களவு போன போனென்று நாளைக்கு யாராவது பொலிசில் முறையிட்டால், எங்கிருந்து வாங்கியது என்று காட்ட அவரிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான். அத்தோடு இன்னொன்றும் கேட்டார். லண்டனிலிருந்து வந்த அந்த எட்டு இலக்க மின்னஞ்சலின் பிரதி. இனி அது தேவைப்படாதென்று தம்பி சொன்னார். இருந்தாலும் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அந்த ஐஎம்இஐக்கே கம்பனி கோட் கொடுத்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று என்று பிறகு யோசித்தபோது எனக்கும் பட்டது.